பில் பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் வரைவது: குன்னூர் சாக்லேட் பயிற்சியில் கேட்ட கேள்விகள்

பயிற்சிக்கு எடுத்த கேஸ் என்ன? கையில என்னென்ன பேப்பர் இருக்குன்னு வெச்சுக்கணும்?

குன்னூரில் ஒரு பெண்மணி சின்னதாக ஹோம்மேட் சாக்லேட் யூனிட் நடத்துகிறார். தனி உரிமையாளர், ஜிஎஸ்டி எண் உண்டு. ஊட்டியில் கமர்ஷியல் ரோட்டில் இருக்கும் ஒரு கிஃப்ட் கடைக்கு 2025 கோடை சீசனுக்காக மூன்று தடவை சரக்கு கொடுத்தார். ஆட்களும் கடையும் கற்பனை. கணக்கு மட்டும் நிஜக் கணக்கு போலவே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம்.

முதல் பில் 10.04.2025 தேதியில் ₹64,000. இரண்டாவது 25.04.2025-இல் ₹92,000. மூன்றாவது, மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்காகக் கேட்டு வாங்கியது, 09.05.2025-இல் ₹1,18,000. ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் ₹2,74,000. ஒவ்வொரு பில்லிலும் "30 நாள் கடன்" என்று அச்சாகியிருக்கிறது. வட்டி பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடைக்காரர் 02.06.2025 அன்று யுபிஐயில் ₹64,000 போட்டார். 20.06.2025 அன்று ₹40,000 போட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பாக்கி ₹1,70,000.

கையில் இருப்பவை: மூன்று பில், கடைப் பையன் தேதி போட்டுக் கையெழுத்திட்ட மூன்று டெலிவரி சலான், பேங்க் ஸ்டேட்மென்ட், கொஞ்சம் வாட்ஸ்அப் உரையாடல். உரையாடலில் நமக்கு முக்கியமானவை இரண்டே இரண்டு. 28.05.2025 அன்று கடையின் பங்குதாரர் ஒருவர், "சீசன் முடிஞ்சதும் ஃபுல்லா செட்டில் பண்ணிடறேன் மேடம்" என்று எழுதியிருக்கிறார். 05.07.2025 அன்று அதே ஆள், "கடைசி லாட் வெள்ளை பூத்துப் போச்சு, அதுக்கு எப்படி பணம் தர்றது" என்கிறார். நோட்டீஸ் தேதியை 10.11.2025 என்று வைத்துக்கொள்கிறோம்.

நோட்டீஸ் அனுப்பாம நேரா கேஸ் போட முடியாதா?

முடியும். சாதாரணப் பணப் பாக்கி வழக்குக்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பியே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நோட்டீஸ் வக்கீல் மூலம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே எழுதி அனுப்பலாம். தமிழிலும் அனுப்பலாம்.

பிறகு ஏன் அனுப்புகிறோம் என்றால், பாதிப் பேர் நோட்டீஸைப் பார்த்ததும் பேச வந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் பதில் அனுப்புவார்கள், அல்லது பேசாமல் இருப்பார்கள். எது நடந்தாலும் நமக்கு உபயோகம்தான். பதில் வந்தால் எதிர்த்தரப்பு நாளைக்கு கோர்ட்டில் என்ன சொல்லப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். பதிலே வராவிட்டால், "இவ்வளவு தெளிவாகக் கேட்டும் மறுக்கவில்லையே" என்று நாம் வாதாடலாம். அதனால்தான் நோட்டீஸில் போகும் ஒவ்வொரு வரியும் நாளைக்குப் பிராதில் அப்படியே போகும் என்று நினைத்து எழுத வேண்டும். இங்கே ஒரு தொகை, அங்கே வேறு தொகை என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

யார் பேருக்கு அனுப்பறது? கடை போர்டுல இருக்கற பேர் போதுமா?

போதாது. போர்டில் இருப்பது வியாபாரப் பெயர். அதன் பின்னால் இருப்பது தனி ஆளா, பங்குதாரர் நிறுவனமா, கம்பெனியா என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வழி எளிது. நம் பில்லில் அவர்களுடைய ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் `Search Taxpayer` பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் `Legal Name of Business`, `Trade Name`, `Constitution of Business` என்று வரிசையாகக் காட்டும். இந்தப் பயிற்சியில் அது `Partnership` என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் நோட்டீஸ் மூன்று பேருக்குப் போகும்: நிறுவனத்துக்கு ஒன்று, இரண்டு பங்குதாரர்களுக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று. பங்குதாரர் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி நிறுவனம் செய்த கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. கடையை இழுத்து மூடிவிட்டு ஒருவர் கோயம்புத்தூர் போய்விட்டாலும் அவரை விட வேண்டியதில்லை. சலானில் கையெழுத்துப் போட்ட கடைப் பையனுக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அவர் சரக்கை வாங்கி வைத்தவர், கடன்பட்டவர் இல்லை.

நம் பக்கமும் ஒரு பார்வை வேண்டும். இந்தப் பயிற்சியில் விற்றவர் தனி உரிமையாளர் என்பதால் சிக்கல் இல்லை. விற்பவர் பதிவு செய்யாத பங்குதாரர் நிறுவனமாக இருந்தால், அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு வழக்குப் போடவிடாது. நோட்டீஸில் சவால் விட்டுவிட்டு அப்புறம் இது தெரியவந்தால் சங்கடம்.

ரெண்டு தடவை பணம் போட்டாங்களே, அதை எந்த பில்லுல கழிக்கறது? மொத்தமா கழிச்சு மீதி ₹1,70,000-ன்னு எழுதினா ஆகாதா?

மொத்தத் தொகை மாறாது. ஆனால் வட்டியும், வழக்குப் போடுவதற்கான காலவரையறையும் பில்வாரியாக ஓடுகின்றன. அதனால் எந்தப் பில்லில் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லியே ஆக வேண்டும். புதிதாக வரைபவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான், அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் 59 முதல் 61 வரை மூன்று பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. கடன்பட்டவர் பணம் கொடுக்கும்போது "இது இந்தக் கடனுக்கு" என்று சொன்னால், நாம் வாங்கிக்கொண்டால் அந்தக் கடனில்தான் கழிக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சூழ்நிலையே அதைக் காட்டினால் போதும். இது 59. அவர் சொல்லவும் இல்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால், எதில் கழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு. இது 60. இரண்டு பேருமே ஒன்றும் சொல்லாமல் விட்டால் பழைய கடனிலிருந்து வரிசையாகக் கழியும். இது 61.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 02.06.2025 அன்று வந்தது சரியாக ₹64,000. முதல் பில்லும் அதே ₹64,000. ஒரு ரூபாய் கூட்டிக் குறைக்காமல் வந்திருக்கும்போது அது முதல் பில்லுக்கு என்று சூழ்நிலையே சொல்கிறது. அதை மூன்றாவது பில்லில் கழித்தேன் என்று எழுதினால் நிற்காது. 20.06.2025 அன்று வந்த ₹40,000 எந்தப் பில்லோடும் ஒத்துப்போகவில்லை, யுபிஐ குறிப்பிலும் ஒன்றும் இல்லை. ஆகவே தேர்வு நம்முடையது. இரண்டாவது பில்லில் கழிக்கிறோம். அதில் ₹52,000 நிற்கிறது, மூன்றாவது பில் ₹1,18,000 முழுசாக நிற்கிறது. கூட்டினால் ₹1,70,000.

மூன்றாவது பில்லில் கழித்திருக்கலாமே என்று வகுப்பில் கேட்டார்கள். சட்டப்படி கழிக்கலாம். ஆனால் அந்தப் பில்லில்தான் "வெள்ளை பூத்தது" தகராறு இருக்கிறது. ₹40,000-ஐ அதில் கழித்தால், தகராறு உள்ள பில்லுக்குக்கூட அவர்கள் பணம் கட்டினார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம் என்பது கேட்டவரின் யோசனை. அது நம்முடைய தீர்மானம், அவர்களுடைய ஒப்புதல் அல்ல. அதை ஒப்புதல் போலக் காட்ட முயன்றால் கணக்கு முழுவதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பழைய பில்லிலேயே கழித்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. காலவரையறைக்கும் அதுவே நல்லது. பாக்கியில் பெரும்பகுதி கடைசிப் பில்லில் நிற்கும்.

வட்டி எவ்வளவு போடலாம்? 24 சதவீதம்தானே எல்லாரும் போடறாங்க?

எல்லாரும் போடுகிறார்கள், கோர்ட் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் 24 என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தால் கேட்கலாம். பில்லின் அடியில் நாமாக அச்சடித்த வரி மட்டும் இருந்தால், அது ஒப்பந்தமா இல்லையா என்பதிலேயே வாதம் நடக்கும். இந்தப் பில்லில் அதுவும் இல்லை.

அப்படியும் வட்டிக்கு வழி இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 61(2) பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து தனக்கு நியாயமாகத் தோன்றும் விகிதத்தில் கோர்ட் வட்டி கொடுக்கலாம். வட்டிச் சட்டம் 1978-இன் 3-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: பணம் கொடுக்க வேண்டிய தேதி எழுத்தில் இல்லாத கடனுக்கு, "வட்டி கேட்பேன்" என்று எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் அந்த நோட்டீஸில் குறிப்பிட்ட தேதியிலிருந்து வட்டி ஓடும். அதனால் வட்டி கேட்கும் பத்தியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நோட்டீஸே வட்டிக்கு அடித்தளமாகும் கேஸ்கள் உண்டு.

நாம் 12 சதவீதம் தனிவட்டி எடுக்கிறோம். கணக்கு இப்படி:

இரண்டாவது பில்லுக்கு 30 நாள் முடிந்தது 25.05.2025. அன்றிலிருந்து ₹40,000 வந்த 20.06.2025 வரை 26 நாளுக்கு ₹92,000-க்கு வட்டி ₹786. அதன் பிறகு நிற்கும் ₹52,000-க்கு 10.11.2025 வரை 143 நாளுக்கு ₹2,445. மூன்றாவது பில்லுக்கு 30 நாள் முடிந்தது 08.06.2025. அன்றிலிருந்து 155 நாளுக்கு ₹1,18,000-க்கு ₹6,013. மொத்த வட்டி ₹9,244. அசலோடு சேர்த்து ₹1,79,244. அதற்கு மேல் பணம் வரும்வரை நாளொன்றுக்கு ₹55.89.

முதல் பில் 23 நாள் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு வட்டி கேட்கவில்லை. ஐந்நூறு ரூபாய்கூட வராத தொகைக்காக, கட்டி முடிந்த பில்லைத் திரும்பத் திறக்க வேண்டாம்.

உத்யம் பதிவு இருந்தா மூணு மடங்கு வட்டி கிடைக்கும்னு சொல்றாங்களே?

உத்யம் என்பது இப்படிப்பட்ட சின்னத் தொழில்களுக்கான அரசுப் பதிவு. குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கும் உரிமைதான் நீங்கள் கேட்கும் வட்டி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2025 ஜூன் 6-இலிருந்து நம் நோட்டீஸ் தேதி வரை வங்கி விகிதம் 5.75 சதவீதம். மூன்று மடங்கு 17.25. மூன்றாவது பில்லுக்கு ஐந்து மாதத்துக்கு 12 சதவீதத் தனிவட்டி ₹5,900 என்றால், இந்தக் கணக்கில் ஏறத்தாழ ₹8,700. வித்தியாசம் கணிசமானதுதான். கோர்ட்டுக்குப் போகாமல், இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளுக்காக அந்தச் சட்டத்தின் கீழ் இருக்கும் வசதி மன்றத்தில் மனுக் கொடுக்கும் வழியும் இதில் உண்டு. சாக்லேட் செய்து விற்பது உற்பத்தி என்பதால் நம் யூனிட் இதற்குள் வரும். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தப் பலன் கிடையாது.

ஆனால் நம் பயிற்சியில் வேண்டுமென்றே ஒரு முடிச்சு வைத்திருக்கிறோம். அந்த அம்மா உத்யம் பதிவு எடுத்தது 2025 ஆகஸ்டில், சரக்குக் கொடுத்த பிறகு. பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு இந்தச் சட்டத்தின் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இந்த நிலையில் 17.25-ஐ நம்பி நோட்டீஸ் கட்டுவது சரியில்லை. 12 சதவீதம் கேட்டுவிட்டு, "வேறு சட்டங்களின் கீழ் உள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பதிவு முன்பே இருந்திருந்தால் நான் தயங்காமல் அந்த வட்டியைத்தான் கேட்டிருப்பேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் முதல் பில் போடும் முன்பே அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பதிவுக்குக் கட்டணமும் இல்லை.

சாக்லேட் வெள்ளை பூத்துப் போச்சுன்னு சொல்றாங்க. அதை நாமளே நோட்டீஸ்ல எழுதணுமா, பேசாம விட்டுடலாமா?

எழுத வேண்டும். அவர்கள் பதிலில் முதல் பத்தியாக வரப்போவது அதுதான். நாம் மறைத்துவிட்டு அவர்கள் வாட்ஸ்அப் பக்கத்தை நீட்டினால், மற்ற எல்லாம் உண்மையாக இருந்தும் நம் மேல் நம்பிக்கை குறையும்.

எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் பொருளைப் புரிந்துகொள்ளுங்கள். சாக்லேட் மேல் வெள்ளையாகப் படிவது பூஞ்சணம் இல்லை. சூடும் குளிருமாக மாறி மாறிப் படும்போது உள்ளிருக்கும் கொக்கோ கொழுப்பு மேலே வந்து படிகிறது. வெயில் படும் கண்ணாடி அலமாரியில் பகலெல்லாம் வைத்து, ராத்திரி ஊட்டிக் குளிரில் விட்டால் நல்ல சாக்லேட்டும் வெளுக்கும். ஈரம் பட்டால் சர்க்கரையும் அப்படிப் படியும். ஆகவே கேள்வி, சரக்கு போகும்போதே அப்படி இருந்ததா, கடைக்குப் போன பிறகு ஆனதா என்பது. அதை நோட்டீஸில் வாதாட வேண்டாம், நமக்கு நிரூபணம் இல்லை. தேதிகளைப் பேசவிடுங்கள்.

09.05.2025 அன்று சரக்கு போனது. சலானில் குறை எதுவும் எழுதவில்லை. 28.05.2025 அன்று முழுசாகத் தருவதாகச் செய்தி. 20.06.2025 அன்று ₹40,000. குறை வந்தது 05.07.2025 அன்று, சரக்கு போய் 57 நாள் கழித்து. அதற்குள் சீசனே முடிந்துவிட்டது. ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டால் வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்கிறது. தீனிப் பொருளுக்கு நியாயமான காலம் என்பது சில நாள், அதிகம் போனால் சில வாரம்.

சரி, குறை உண்மையாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஏற்றுக்கொண்ட சரக்கில் அந்தக் குறையால் வந்த நஷ்டத்தை மட்டும் விலையில் கழித்துக்கேட்கத்தான் அவர்களுக்கு உரிமை. மூன்றாவது பில் முழுவதையும், அதோடு குறையே சொல்லாத இரண்டாவது பில்லையும் நிறுத்தி வைக்க முடியாது. வரைவில் இந்தக் கடைசிப் புள்ளியைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறோம்.

முழு வரைவையும் காட்டுங்க.

கீழே உள்ளது பயிற்சிக்கான மாதிரி. பெயர், விலாசம், பில் எண் வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள்.

> நாள்: 10.11.2025
>
> பெறுநர்: 1. (பங்குதாரர் நிறுவனம்), கமர்ஷியல் ரோடு, உதகமண்டலம். 2. (முதல் பங்குதாரர்), (கடை மற்றும் வீட்டு விலாசம்). 3. (இரண்டாம் பங்குதாரர்), (கடை மற்றும் வீட்டு விலாசம்).
>
> ஐயா,
>
> குன்னூரில் சாக்லேட் தயாரிப்புத் தொழில் செய்துவரும் எனது கட்சிக்காரர் (பெயர்) அவர்களின் அறிவுறுத்தலின் பேரில் இந்த அறிவிப்பைத் தங்களுக்கு அனுப்புகிறேன்.
>
> 1. தங்களில் முதலாமவர் பங்குதாரர் நிறுவனம். மற்ற இருவரும் அதன் பங்குதாரர்கள். நிறுவனத்தின் கடன்களுக்குத் தாங்கள் அனைவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவீர்கள்.
>
> 2. தாங்கள் கேட்டுக்கொண்டபடி எனது கட்சிக்காரர் (எண்) பில் மூலம் 10.04.2025 அன்று ₹64,000-க்கும், (எண்) பில் மூலம் 25.04.2025 அன்று ₹92,000-க்கும், (எண்) பில் மூலம் 09.05.2025 அன்று ₹1,18,000-க்கும் சாக்லேட் வகைகளை வழங்கினார். அந்தந்த நாளிலேயே தங்கள் கடையில் சரக்கு பெறப்பட்டு டெலிவரி சலான்களில் கையொப்பம் இடப்பட்டுள்ளது. பில் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டும்.
>
> 3. தாங்கள் 02.06.2025 அன்று செலுத்திய ₹64,000 முதல் பில்லுக்கு வரவு வைக்கப்பட்டது. 20.06.2025 அன்று செலுத்திய ₹40,000 எந்தப் பில்லுக்கு என்று தாங்கள் குறிப்பிடாததால், இரண்டாவது பில்லுக்கு வரவு வைக்கப்பட்டது. இரண்டாவது பில்லில் ₹52,000-மும் மூன்றாவது பில்லில் ₹1,18,000-மும், ஆக அசல் ₹1,70,000 நிலுவையில் உள்ளது.
>
> 4. 28.05.2025 அன்று தங்களில் (இரண்டாமவர்/மூன்றாமவர்) வாட்ஸ்அப் மூலம், சீசன் முடிந்ததும் முழுத் தொகையையும் செலுத்துவதாகத் தெரிவித்தார். இன்றுவரை செலுத்தவில்லை.
>
> 5. மூன்றாவது பில் சரக்கு பெறப்பட்டு 57 நாட்கள் கழித்து, 05.07.2025 அன்று, அதில் வெள்ளை படிந்திருப்பதாக முதன்முறையாகத் தெரிவித்தீர்கள். சரக்கைப் பெற்றபோதோ, 28.05.2025 அன்றோ, 20.06.2025 அன்று பணம் செலுத்தியபோதோ எந்தக் குறையும் சொல்லவில்லை. சரக்கைத் திருப்பி அனுப்பவும் இல்லை. தாங்கள் சரக்கை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். மேற்படி குறையை எனது கட்சிக்காரர் மறுக்கிறார். இரண்டாவது பில் குறித்துத் தாங்கள் எந்தக் குறையும் சொன்னதில்லை.
>
> 6. பணம் செலுத்த வேண்டிய நாட்களிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி பெற எனது கட்சிக்காரர் உரிமையுள்ளவர். 10.11.2025 வரை வட்டி ₹9,244. அதன் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.
>
> 7. ஆகவே இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் அசலும் வட்டியுமாக ₹1,79,244-ஐயும், அதன் பிறகு அசலைச் செலுத்தும் நாள் வரை நாளொன்றுக்கு ₹55.89 வட்டியையும் எனது கட்சிக்காரரின் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். தவறினால் உரிய நீதிமன்றத்தில் தங்கள் மீது வழக்குத் தொடர்ந்து, அசல், வட்டி, செலவுத்தொகையுடன் வசூலிக்க எனது கட்சிக்காரர் எனக்கு அறிவுறுத்தியுள்ளார். வேறு சட்டங்களின் கீழ் அவருக்குள்ள உரிமைகள் எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.
>
> இணைப்பு: பில்கள், சலான்கள், வட்டிக் கணக்கு (நகல்கள்).

15 நாள் என்பது வழக்கம். இப்படிப்பட்ட பாக்கிக்குச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் காரமா எழுதக் கூடாதா? போலீஸ்ல மோசடி கேஸ் கொடுப்போம்னு ஒரு வரி போட்டா பயந்துடுவாங்களே?

போடாதீர்கள். சரக்கு வாங்கினார், பாதி கொடுத்தார், மீதி இழுக்கிறார். இது சிவில் விவகாரம். சிவில் பாக்கிக்கு கிரிமினல் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. மிரட்டிப் பணம் கேட்டார்கள் என்று அவர்கள் திருப்பிப் புகார் கொடுக்கவும் அந்த வரி இடம் கொடுக்கும்.

பயிற்சியில் வந்த வரைவுகளில் நான் அடித்த வேறு வரிகளும் உண்டு. "கெட்ட எண்ணத்தோடு ஆரம்பம் முதலே ஏமாற்றத் திட்டமிட்டு" என்பது ஒன்று. நடுவில் ₹1,04,000 கட்டிய ஆளைப் பற்றி அப்படி எழுத முடியாது. "மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம்" இன்னொன்று. பில் பாக்கிக்கு அது கிடைக்காது. அதைப் பார்த்தால், கேட்கிற ₹1,79,244-உம் வாய்க்கு வந்த தொகை என்று நினைப்பார்கள். கடைக்காரரின் குடும்ப விஷயம், பக்கத்துக் கடைக்காரர் சொன்னது, இதற்கெல்லாம் இடமே இல்லை. தவணையில் வாங்கிக்கொள்ளத் தயார் என்றால் அதை இந்த நோட்டீஸில் எழுதாமல் தனியாகப் பேசுங்கள்.

எப்படி அனுப்பறது? வாட்ஸ்அப்ல போட்டா போதுமா?

வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் போடுங்கள், ஆனால் தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-இல் அஞ்சல் துறை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட்டோடு பதிவு வசதியும், ஒப்புகை வசதியும் சேர்த்துக் கேளுங்கள். சரியான விலாசமிட்டு, தபால் கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்று பொது விதிகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. ரசீதும் டிராக்கிங் பக்கத்தின் பிரிண்ட்டும் ஃபைலில் இருக்கட்டும்.

மலைக் கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. ஜூன் கடைசியிலிருந்து மழை பிடித்தால் சில கிஃப்ட் கடைகள் பாதி நாள் பூட்டியே கிடக்கும். "கதவு பூட்டியிருந்தது" என்று கவர் திரும்பும். அதனால்தான் வரைவில் வீட்டு விலாசமும் கேட்டிருக்கிறோம். திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு, ஒட்டியது ஒட்டியபடி, அப்படியே கோர்ட்டில் கொடுக்க வேண்டும். ஆர்வத்தில் கிழித்துப் பார்த்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்பதற்கு நம் வாய்வார்த்தைதான் மிஞ்சும்.

வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். செய்தி இருக்கிற ஃபோனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் அனுப்பிட்டா மூணு வருஷக் கெடு நின்னுடும்தானே?

நிற்காது. ரொம்பப் பேர் இப்படி நம்பி உரிமையை இழக்கிறார்கள். கடன் நாள் குறித்து விற்ற சரக்குக்கு, அந்தக் கடன் நாள் முடிந்த தேதியிலிருந்து மூன்று வருடம். இரண்டாவது பில்லுக்கு 25.05.2028, மூன்றாவதுக்கு 08.06.2028. நாம் எத்தனை நோட்டீஸ் அனுப்பினாலும் இந்தத் தேதிகள் நகராது.

நகர்த்தக்கூடியது அவர்கள் செய்கிற காரியம். கெடு முடிவதற்குள் அவர்கள் கையொப்பமிட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். பகுதிப் பணம் கொடுத்தாலும் ஓடும், ஆனால் அந்தப் பணம் கொடுத்ததற்கு அவர்கள் கைப்பட எழுதியதோ கையொப்பமிட்டதோ ஏதாவது இருக்க வேண்டும். யுபிஐ வரவு மட்டும் அதற்குப் போதுமா, வாட்ஸ்அப் செய்தி கையொப்பம் ஆகுமா என்பதெல்லாம் கோர்ட்டில் வாதாடி ஜெயிக்க வேண்டியவை. அவற்றை நம்பிக் காத்திருக்காமல் முதல் கெடுவான 25.05.2028-ஐ காலண்டரில் குறித்துவிடுங்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தால் பாக்கித் தொகையை எழுதி, தேதியோடு இரண்டு பங்குதாரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

பதிலே வரலைன்னா அடுத்து எங்க போறது? சமரச மையத்துக்கு முதல்ல போகணுமாமே?

வணிக வழக்கில் தொகை ₹3 லட்சமோ அதற்கு மேலோ இருந்து, அவசர உத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2022-இல் இதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. நம் தொகை ₹1,79,244. அதனால் நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். கடை ஊட்டியில் நடப்பதால் ஊட்டி எல்லையில் தாக்கல் செய்வது எந்தக் கேள்விக்கும் இடம் தராது.

செக் கொடுத்து அது ரிட்டர்ன் ஆகியிருந்தா இதே நோட்டீஸ் போதுமா?

போதாது, அது வேறு நோட்டீஸ். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். அதில் செக் தொகையைத் தெளிவாகத் தனியே கேட்க வேண்டும். வட்டியையும் மற்ற பில்களையும் கலந்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது என்று வாதாடுவார்கள்.

வாங்கினது கடையா இல்லாம அரசு விருந்தினர் மாளிகையா இருந்தா?

அப்போது நோட்டீஸ் கட்டாயம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி அரசுக்கு எதிராக வழக்குப் போடும் முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வழக்குக்கான காரணம், வாதியின் பெயர், தொழில், விலாசம், கேட்கும் பரிகாரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மாநில அரசு என்றால் அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கொடுக்கலாம். மேலே உள்ள வரைவின் 2 முதல் 6 வரை உள்ள பத்திகள் அப்படியே உதவும். பெறுநரையும் 1, 7 பத்திகளையும் மாற்றி, 15 நாள் என்ற இடத்தில் இரண்டு மாதம் என்று எழுதுங்கள். காலவரையறையைக் கணக்கிடும்போது இந்த நோட்டீஸ் காலம் மட்டும் கழிக்கப்படும்.